மழைக்கு எந்த கிளவுஸ்? கோல்கீப்பர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, மழைக்காலத்துக்கு இரண்டாவது ஜோடி கோல்கீப்பர் கிளவுஸ் வாங்க வேண்டும். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் 8 அங்குலம். ஒன்று கூட்டி 9ஆம் சைஸ் நெகட்டிவ் கட் போடுகிறேன். அதில் தையல் உள்பக்கம் இருப்பதால் கையோடு ஒட்டி நிற்கிறது. ஆனால் விரல் நுனிக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் இடம்கூட இல்லை. பந்து பட்டதும் நுனித் தையல் இழுபடுகிறது. நனைந்தால் இன்னும் மோசம்.

ரோல் ஃபிங்கரில் லேட்டக்ஸ் விரலைச் சுற்றி வளைவதால் பந்தில் படும் பரப்பு அதிகம். மழைக்கு அந்தக் கட்டில் வாங்கினால் அதே 9 போதுமா, 9.5 எடுக்கலாமா?

இன்னொன்று, அக்வா லேட்டக்ஸ். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், சரி. மழை நின்று மைதானம் காய்ந்த பிறகும் அதையே போட்டால் எவ்வளவு சீக்கிரம் உரியும்?

பராமரிப்பில் குறை இல்லை. ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையை லேசாக நனைக்கிறேன். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் மண் போக அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் காயவிடுகிறேன். இரண்டு உள்ளங்கையும் ஒட்டாமல்தான் வைக்கிறேன். ஒட்டினால் பிரிக்கும்போது லேட்டக்ஸ் பிய்ந்துவிடும். ஆகவே சைஸ், கட், லேட்டக்ஸ் பற்றி மட்டும் சொன்னால் போதும்.