களிமண் மேல் ராஃப்ட்: அமிழ்வு 195 மி.மீ.யா, 70 மி.மீ.யா?

நண்பர்களே, பள்ளிக்கரணைப் பக்கம் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு ராஃப்ட் அடித்தளம் வடிவமைக்கிறேன். ஒரு இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

ராஃப்ட் 12 × 18 மீட்டர். அடிமட்டம் 1.5 மீட்டர் ஆழத்தில், நிலத்தடி நீரும் அதே மட்டத்தில்தான். 2 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை மென்களிமண், அதற்குக் கீழே இறுகிய மணல். தோண்டும் மண்ணின் எடையைக் கழித்தால் நிகர அழுத்தம் 35 கிலோபாஸ்கல்.

களிமண்ணின் நடுவில் இப்போதுள்ள பயனுறு அழுத்தம் 49 கிலோபாஸ்கல். 2:1 பரவல்படி அதோடு 23 கூடுகிறது. முன்பு அதிக பாரம் தாங்காத களிமண் என்று எடுத்து, Cc 0.45, e0 1.3 போட்டால் அமிழ்வு 195 மி.மீ. வருகிறது, ஐ.எஸ். 1904 விடுவது 100தான். ஆனால் ஈடோமீட்டர் அறிக்கை முன்னிறுக்க அழுத்தம் 65 என்கிறது. அதுவரை Cr 0.06 எடுத்தால் மொத்தமே 70 மி.மீ.தான்! மாதிரி எடுக்கும்போது மண் கலைந்திருந்தால் வளைவு மழுங்கிவிடும், அந்த 65-ஐ எப்படி நம்புவது? களத்தில் வேன் ஷியர் செய்து, வலிமை 14 பக்கம் வந்தால் 65 சரி, 11 பக்கம் வந்தால் 49தான் என்று முடிவெடுக்கலாமா? வலிமைக்கும் முன்னிறுக்க அழுத்தத்துக்கும் உள்ள 0.22 விகிதத்தை வைத்துக் கேட்கிறேன்.

அப்புறம், கிழக்கு முனைத் துளையில் களிமண்ணின் தடிமன் 3 மீட்டர்தான். மோசமான கணக்கில் அங்கே 134 மி.மீ., மறுமுனையோடு சுமார் 60 மி.மீ. வித்தியாசம், அதாவது 18 மீட்டரில் 1/300 சரிவு. ராஃப்டைத் தடிப்பாக்கினால் வளைவு குறையும், சாய்வு குறையாதே. இதை 1/500 வரம்போடு ஒப்பிடுவது சரியா? இப்படிப்பட்ட மண்ணில் முன்பாரம் ஏற்றிப் பார்த்தவர்கள், பைலுக்குப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.