ஏற்றத்தில் பார்க்கிங் பிரேக் தானாக விடுபடவில்லை

2021 மாடல் பெட்ரோல் கார், ஆட்டோமேட்டிக் கியர். ஏற்றமான சாலையில் நெரிசலில் நிற்கும்போது ஆட்டோ ஹோல்டு நன்றாகவே பிடிக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் விடுகிறது. சில நிமிடங்களுக்கு மேல் நின்றால், பிரேக் திரவ அழுத்தத்துக்குப் பதிலாகப் பின்சக்கர மோட்டார்கள் இறுக்கி, எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் ஏறிவிடுகிறது. இது இயல்புதான். ஆனால் அதன்பிறகு, டிரைவ் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது விடுபட வேண்டும். கடந்த மாதத்திலிருந்து பல நேரங்களில் விடுபடுவதில்லை. கார் பின்பக்கம் அமுங்கி முனகுகிறது. பின்னால் வண்டிகள் நெருங்கி நிற்க, உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பிரேக்கை மிதித்தபடி சுவிட்சை அழுத்தினால் உடனே விடுபடுகிறது. இரு சக்கரங்களிலும் மோட்டார் சத்தம் சீராகவே கேட்பதால், மோட்டார் மீது எனக்குச் சந்தேகமில்லை. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. பணிமனையில் ஸ்கேன் செய்ததில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை.

தானாக விடுபடுவதற்கு ஓட்டுநரின் கதவு மூடியிருக்க வேண்டும், சீட் பெல்ட் மாட்டியிருக்க வேண்டும் என்கிறது கையேடு. கதவு விளக்கு ஒழுங்காக இருக்கிறது. பெல்ட் பக்கிளை அசைத்தால் மட்டும் எச்சரிக்கை விளக்கு ஒரு கணம் மின்னுகிறது.

பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்சுதான் காரணம் என்பதை, அதை மாற்றுவதற்கு முன்பே எப்படி உறுதிசெய்வது?