எல்லை தாண்டிக் கட்டும் பக்கத்து வீட்டார்: தடையாணை பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். சிவில் வழக்கு அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பக்கத்து மனைக்காரர் எங்கள் எல்லைக்குள் ஒன்றரை அடி தள்ளி அஸ்திவாரம் போட்டு, இடுப்பளவு சுவரும் எழுப்பிவிட்டார். கல் நட்ட இடத்தில் இப்போது கம்பி நிற்கிறது!

வழக்குப் போட்டு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39-இன் கீழ் இடைக்காலத் தடை வாங்கியாயிற்று. எதிர்தரப்பைக் கேட்காமல் கொடுத்தது, அடுத்த வாய்தா வரைக்கும்தான். அன்று நீட்டிக்காவிட்டால் தடை இல்லை. நிரந்தர உறுத்துக்கட்டளை, சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து தீர்ப்போடுதான் வரும் என்பது புரிகிறது.

குழப்பம் இங்கேதான். இரண்டுமே இனிமேல் கட்டாதே என்று தடுப்பவை. ஏற்கெனவே எழுந்த சுவரை இடிக்க, செயலுறுத்துக் கட்டளை தனியாகக் கேட்க வேண்டுமாம். எங்கள் வழக்குரையில் நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும்தான் இருக்கிறது. வக்கீல் பிறகு பார்க்கலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

விசாரணை தொடங்கும் முன்பே வழக்குரையைத் திருத்த மனுப் போடுவதுதானே நல்லது? சர்வேயரோடு வக்கீல் கமிஷனர் வந்து அளந்த அறிக்கை இல்லாமல் ஒன்றரை அடியை நிரூபித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாய்தா நெருங்குகிறது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.