மரச்செக்கு எண்ணெய்: சம்பள வேலையை விட்டுடலாமா?

பவானிக்காரன்: பின்னலாடை கம்பெனியில் 38,000 சம்பளம், சேர்ந்து 4 வருஷம் 3 மாசம். சனி, ஞாயிறு மட்டும் செக்கு ஓட்டி மாசம் 150 லிட்டர் கடலெண்ணெய் விக்கிறேன், லிட்டர் 320. பருப்பு கிலோ 120க்கு வாங்குறேன். வேலையை விட்டுட்டு முழுசா இறங்கலாமா?

துணிஞ்சவன்: ரெண்டு தோணியில கால் வெச்சா இப்படித்தான் 150லயே நிக்கும். 2.2 கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய். பாட்டில், கரண்ட் 35 ரூபாய் போட்டு, புண்ணாக்கு வித்த காசைக் கழிச்சா அடக்கம் 250தான். லிட்டருக்கு 70 ரூபாய் நிக்குது. 550 லிட்டர் வித்தா சம்பளம் வந்தாச்சு. விட்டுட்டு வாங்க தம்பி.

செக்கடி: யாரு சொன்னது 2.2? 15 கிலோ ஈடு போட்டா ஆறேகால் லிட்டர் கிடைச்சாலே பெரிய விஷயம். அப்படின்னா 2.4. பருப்பு 288, செலவு 35, அதுல புண்ணாக்கு ஒண்ணே கால் கிலோவுக்கு மேல வந்து 56 ரூபாய் திரும்பும். அடக்கம் 267, நிக்கிறது 53. சம்பளத்துக்கு 720 லிட்டர் விக்கணும், 550 இல்ல. அதுவும் மொத்தமும் சில்லறையா வித்தாத்தான். கடைக்கு 290க்கு கொடுத்தா 23தான் மிச்சம், அந்தக் காசும் மாசக் கடைசியில்தான் வரும்.

துணிஞ்சவன்: நல்ல காய்ச்சல் பருப்பா வாங்கத் தெரியாதவங்களுக்கு 2.4 ஆகும். 2.2தான் சரி.

செக்கடி: காய்ச்சலைப் பத்தி எனக்கே பாடமா? ரொம்பக் காஞ்சாலும் எண்ணெய் இறங்காது, அதனாலதான் ஆட்டும்போது தண்ணி தெளிக்கிறாங்க. ஈரமா இருந்தா பூஞ்சை பிடிச்சு எண்ணெயே கசக்கும். 2.4.

மல்லிகை: ரெண்டு பேரும் எந்த எண்ணெயை அளக்குறீங்க? செக்குல இருந்து இறங்கின உடனே அளந்தா மண்டியும் சேர்ந்து 2.2 மாதிரி தெரியும். ரெண்டு மூணு நாள் தெளிய வெச்சு வடிச்சா 2.4 ஆயிடும்.

துணிஞ்சவன்: மண்டி எல்லாம் சும்மா ஒரு கரண்டி. 2.2.

செக்கடி: மண்டியை வித்தா யார் வாங்குவா? 2.4ன்னு மூணாவது தடவையா சொல்றேன்.

நாமக்கல் பாட்டி பேரன்: எள்ளுக்குக் கருப்பட்டி எவ்வளவு போடணும்னு யாராவது சொல்லுங்களேன். நான் வாங்கின செக்குல ஒட்டிக்கிட்டே நிக்குது.

செக்கடி: இது கடலை பேச்சு. எள்ளுக்கு வேற பதிவு போடுங்க.

கணக்கர்: விடுறதா இருந்தாலும் இப்ப விடாதீங்க. 5 வருஷம் முடிஞ்சாத்தான் பணிக்கொடை. அடிப்படைச் சம்பளம் 20,000ன்னு வெச்சுக்கிட்டா 20,000 × 15 ÷ 26 × 5, கிட்டத்தட்ட 57,700. ஒன்பது மாசம் பொறுத்தா கையில் வர்ற காசு.

துணிஞ்சவன்: 4 வருஷம் 240 நாளே போதும், சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிடுச்சு.

கணக்கர்: சொல்லியிருக்கு. ஆனா கம்பெனி ஒத்துக்கலன்னா வழக்குக்கு அலையறது யாரு? நீங்களா?

துணிஞ்சவன்: பயந்தவங்க எதுக்குத் தொழில் பேசணும்.

செக்கடி: பணிக்கொடையை விடுங்க, முக்கியமானது வேற இருக்கு. ஒரு ஈடு ஒரு மணி நேரம். நாளைக்கு ஏழு ஈடு, மாசத்துல எட்டு நாள். சனி, ஞாயிறிலேயே சுமார் 350 லிட்டர் ஆட்ட முடியும். விக்கிறது 150. அப்போ நேரம் பத்தாம நிக்கல, வாங்க ஆள் இல்லாம நிக்குது. வேலையை விட்டா கூடறது செக்கு ஓட்டற நாள்தானே, வாடிக்கை கூடுமா? முதல்ல 350ஐ வித்துக் காட்டட்டும், அதுவும் அறுவடை முடிஞ்சு பருப்பு விலை ஏறுற மாசத்துல. அப்பவும் மாசா மாசம் சரக்குத் தீர்ந்து ஆள் திரும்பிப் போறாங்கன்னா, அப்ப பேசலாம்.

மல்லிகை: விக்கப் போறதுக்கும் நேரம் வேணுமே. கிழமை நாள்ல கடை கடையாப் போகாம 350 எப்படி வரும்?

செக்கடி: கடைக்குப் போனா 23 ரூபாய்தான்னு மேல எழுதியிருக்கேன். படிக்காம கேள்வி.

மல்லிகை: படிச்சுட்டுத்தான் கேக்குறேன். அக்கம்பக்கத்துல 700 லிட்டர் சில்லறையா யாரு வாங்குவாங்க? கடைக்குத்தான் போயாகணும், அதுக்குக் கிழமை நாள் வேணும். உங்க கணக்குல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டுது.

துணிஞ்சவன்: அதைத்தான் நானும் சொல்றேன், விட்டுட்டு வரணும்.

மல்லிகை: நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க.

பவானிக்காரன்: இப்ப கடைக்கு 40 லிட்டர் போகுது, மிச்சம் சில்லறை. அப்ப என் கணக்கு எப்படி வரும்?

செக்கடி: வடிச்சு அளந்து சொல்லுங்க தம்பி, அதுக்கப்புறம் கணக்கு. 2.4தான் வரும்.

துணிஞ்சவன்: 2.2. போன வருஷம் தேங்காய் எண்ணெய்ப் பதிவுலயும் இதே மாதிரி கொப்பரைக் கணக்குல அடம் பிடிச்சவர்தானே நீங்க?

செக்கடி: அந்தப் பதிவுலயும் நான் சொன்னதுதான் சரி. போய்ப் படிச்சுப் பாருங்க.