ஹிம்செல்ஃப் யாரைக் குறிக்கும்? மார்க் போச்சு, அவசரம்

மதன்_பிஏ
எல்லாருக்கும் வணக்கம். இன்டர்னல் டெஸ்ட்ல ஹிம்செல்ஃப் கேள்விக்கு நான் எழுதுன ஆன்ஸர் தப்புன்னு போட்டு 4 மார்க் குறைச்சிட்டாங்க. எனக்கு அது சரின்னுதான் இப்பவும் தோணுது. ஹீ சா ஹிம்செல்ஃப், ஹீ சா ஹிம், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரியும், ஆனா ரூல் என்னன்னு கேட்டா சொல்ல வரல. நாளைக்கு மறுநாள் வைவா இருக்கு, யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்

அனு_கரூர்
என்ன கேள்வி, நீங்க என்ன எழுதுனீங்கன்னே போடலையே. முழு சென்டென்ஸை போடுங்க

ரயில்பயணி
ரொம்ப சிம்பிள் தம்பி. குழப்பம் வரக்கூடாதுன்னுதான் ரெண்டு சொல் வெச்சிருக்காங்க. ஹீ சா ஹிம்னு மட்டும் சொன்னா யாரைப் பாத்தான்னு தெரியாதுல்ல, அதனால தன்னையேன்னா செல்ஃப் சேர்த்துக்கிட்டாங்க. மத்ததெல்லாம் புத்தகத்துல எழுதி பெருசாக்குனது

கணேஷ்_சேலம்
இதே பிரச்சனை எனக்கும். இன்டர்வியூல மைசெல்ஃப் கணேஷ்னு சொன்னேன், பேனல்ல ஒருத்தர் உடனே திருத்திட்டாரு. ஸ்கூல்லேருந்து அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. எது சரி?

வேலுமணி
வாரம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க, மேல தேடற பெட்டி எதுக்கு இருக்கு? எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆளா இருந்தா ஹிம்செல்ஃப், வேற ஆளா இருந்தா ஹிம். எட்டாங்கிளாஸ் பாடம். டிகிரி படிக்கிறவங்க இதைக் கேக்கறது வருத்தமா இருக்கு.

அனு_கரூர்
வேலுமணி சார், அது எப்பவும் பொருந்தாதே. ரவி டோல்ட் குமார் அபவுட் ஹிம்செல்ஃப். இதுல ரவி தன்னைப் பத்திச் சொல்லியிருக்கலாம், இல்ல குமாரைப் பத்தி குமார்கிட்டயே சொல்லியிருக்கலாம், குமார் எழுவாயே கிடையாது. அப்புறம் அபவுட்டுக்குப் பின்னாடி வர்றது செயப்படுபொருளும் இல்ல

வேலுமணி
அது விதிவிலக்கு. விதியை முதல்ல ஒழுங்கா கத்துக்கட்டும், விதிவிலக்கு அப்புறம்.

மதன்_பிஏ
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். கேள்வி இதான்: ரவி திங்க்ஸ் தட் குமார் பிளேம்ட் ஹிம்செல்ஃப். ஹூ வாஸ் பிளேம்ட்? நான் ரவின்னு எழுதுனேன். ஏன்னா நினைக்கிறது ரவி, அவன்தானே மெயின் ஆளு

தேன்மொழி
இப்பதான் விஷயமே வருது. மதன், நீங்க தப்பா எழுதுனதுக்குக் காரணம் கவனக்குறைவு இல்ல, தமிழ்ல யோசிச்சிருக்கீங்க, தமிழுக்கு உங்க பதில் சரியானதுதான். மனசுக்குள்ள இப்படித்தானே மாத்தியிருப்பீங்க: "குமார் தன்னைக் குறை சொன்னதா ரவி நினைக்கிறான்." இதைக் கேக்கற எவரும் தன்னைங்கிறது ரவின்னுதான் எடுத்துக்குவாங்க. நம்ம "தான்" தன் வாக்கியத் துண்டைத் தாண்டி வெளிய போய் ஆளைப் பிடிக்கும், யாரோட பேச்சோ நினைப்போ அங்க சொல்லப்படுதோ அந்த ஆளைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். இங்கிலீஷ் ஹிம்செல்ஃப் அப்படித் தாண்டாது. அதுக்கு ஜோடி, அதாவது அது குறிக்கற ஆளு, அதே துண்டுக்குள்ளயே கிடைச்சாகணும். உங்க வாக்கியத்துல உள்துண்டு "குமார் பிளேம்ட் ஹிம்செல்ஃப்", அதுக்குள்ள இருக்கற ஒரே ஆளு குமார், அதனால குமார்தான். ரவி வெளிய இருக்கான், கை எட்டாது.

ஹிம் இதுக்கு நேர் எதிர். அதோட ஜோடி அதே துண்டுக்குள்ள இருக்கக்கூடாது, வெளிய எங்க வேணா இருக்கலாம். அதனால "ரவி திங்க்ஸ் தட் குமார் பிளேம்ட் ஹிம்"னு இருந்திருந்தா ரவின்னு நீங்க எழுதுனது சரியாகியிருக்கும், இல்ல கதையிலயே வராத மூணாவது ஆளாவும் இருக்கலாம், குமார் மட்டும் கிடையாது. மொழியியலாளர் சாம்ஸ்கி 1981ல பைண்டிங் தியரின்னு இதை ரெண்டு விதியா எழுதுனாரு, ஹிம்செல்ஃபுக்கு ஏ, ஹிம்முக்கு பி. வைவால அந்தப் பேரைக் கேப்பாங்க.

ரயில்பயணி
நான் சொன்னதும் அதானேம்மா, குழப்பம் வராம இருக்கத்தான்

தேன்மொழி
பாதி சரிங்க. குழப்பம்தான் காரணம்னா நான், நீயில செல்ஃபே தேவைப்படக்கூடாது. ஐயும் மீயும் ஒரே ஆளுதான், அதுல என்ன குழப்பம்? ஆனாலும் கண்ணாடியில பாத்துட்டு ஐ சா மீன்னு யாரும் சொல்றதில்ல, மைசெல்ஃப்தான். அதே சமயம் உங்க யோசனை தமிழுக்கு நல்லாவே பொருந்துது. நாம "நான் என்னையே பாத்துக்கிட்டேன்"னு சாதா "என்னை"யவே வெச்சுக்கறோம், தனிச்சொல் "தான்" படர்க்கைக்கு மட்டும்தான் வருது, எங்க ரெண்டு அவன் மோதுமோ அங்க மட்டும். பழைய இங்கிலீஷும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இன்னிக்கு இருக்கற மாதிரி இல்ல. அப்ப சாதா "அவனை"யே தன்னைங்கிற அர்த்தத்துக்கும் ஓடுச்சு, செல்ஃப் அழுத்தத்துக்கு ஒட்டிக்கிட்டு வந்த சொல், போகப்போகத்தான் கட்டாயமாச்சு. நெதர்லாந்து வடக்குல பேசற ஃப்ரிசியன் மொழியில இப்பவும் "அவன் அவனைக் கழுவினான்"ங்கிற அமைப்புலயே குளிச்சுக்கிட்டான்னு சொல்றாங்க.

கணேஷ், உங்க மைசெல்ஃப் கணேஷ்லயும் இதே கோளாறுதான். அந்த மைசெல்ஃபுக்கு அதே துண்டுல ஜோடியா ஒரு ஐ இல்ல, தனியா நிக்குது. ஐயாம் கணேஷ்னு சொல்லிட்டுப் போங்க.

கணேஷ்_சேலம்
அப்ப ஐ மைசெல்ஃப் டிட் இட்? அதுவும் தப்பா?

அனு_கரூர்
அது வேற மைசெல்ஃப், அழுத்தத்துக்கு. எடுத்துட்டாலும் வாக்கியம் நிக்கும். "நானே செஞ்சேன்"ல வர்ற ஏ மாதிரி வெச்சுக்கங்க

மதன்_பிஏ
தேன்மொழி அக்கா ரொம்ப தேங்க்ஸ். இன்னொண்ணும் தப்புன்னு போட்டிருக்காங்க. ரவிஸ் ஃபாதர் ஹர்ட் ஹிம்செல்ஃப். இதுல ஒரே துண்டுதான் இருக்கு, ரவியும் அதுக்குள்ளதான் இருக்கான், அப்ப ரவியும் வரலாம்ல?

தேன்மொழி
ஒரே துண்டா இருந்தா மட்டும் பத்தாது. ரவிங்கிற பேரு "ரவியோட அப்பா"ங்கிற பெரிய பொட்டலத்துக்குள்ள கட்டியிருக்கு. பொட்டலத்துக்குள்ள இருக்கறவன் வெளிய இருக்கற ஹிம்செல்ஃபுக்கு ஜோடியா வர முடியாது, முழுப் பொட்டலம்தான் வர முடியும். அதனால அடிபட்டது அப்பாவுக்கு. இப்ப ஹிம் போட்டுப் பாருங்க: ரவிஸ் ஃபாதர் ஹர்ட் ஹிம். ஒரே துண்டா இருந்தும் ஹிம் ரவியா இருக்கலாம், ஏன்னா ரவி உள்ள மறைஞ்சிருக்கான், அப்பாவா மட்டும் இருக்க முடியாது. ஹிம்செல்ஃப் யாரை ஏத்துக்குதோ அவரை ஹிம் தள்ளுது, அது ஏத்துக்காதவரை ஹிம் ஏத்துக்குது. சந்தேகம் வந்தா ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க, துண்டோட எல்லை எங்கன்னு தானா தெரிஞ்சிடும்.

வடமராட்சியான்
தேன்மொழி, "தான்" வெளியில மட்டும்தான் போகும் எண்டு சொல்லேலாது. "ரவி தன்னை அடிச்சான்" எண்டா ரவி ரவியைத்தானே அடிச்சவன்? எங்கட வீட்டில அம்மா சாதாரணமா அப்பிடிக் கதைப்பா.

அனு_கரூர்
எனக்கு அது அரைகுறையா கேக்குது அண்ணா. "தன்னையே அடிச்சுக்கிட்டான்"னு சொன்னாத்தான் முழுசாகுது

தேன்மொழி
வெளியில மட்டும்னு நான் சொல்லல, வெளிய போக முடியும்னு சொன்னேன். அனு சொல்றதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, "அடிச்சுக்கிட்டான்"ல வர்ற அந்தக் "கிட்ட". எழுத்துல "கொள்". ஜோடி பக்கத்துலயே இருக்குன்னு தமிழ் வினையிலயே சொல்லிடுது. மதனோட வாக்கியத்துலயே போட்டுப் பாருங்க. "குமார் தன்னைக் குறை சொன்னதா ரவி நினைக்கிறான்", இதுல தன்னை ரவி. "குமார் தன்னையே குறை சொல்லிக்கிட்டதா ரவி நினைக்கிறான்", இப்ப குமார். பேரு மாறல, வரிசை மாறல, ஏயும் கிட்டவும்தான் சேர்ந்துச்சு, ஆளு மாறிட்டான். இங்கிலீஷ்ல இந்த வேலை முழுசையும் ஹிம்செல்ஃபே செய்யுது, வினை எதுவும் காட்டறதில்ல. அனு முதல்ல போட்ட வாக்கியத்தையும் தமிழ்ல சொல்லிப் பாருங்க, "ரவி குமார்கிட்ட தன்னைப் பத்திச் சொன்னான்", ரவி மட்டும்தான், குமார் வரவே மாட்டான். தமிழ்ல "தான்" எழுவாயைத்தான் தேடும்.

வேலுமணி
தமிழ் இலக்கணத்துல இதெல்லாம் எப்பவோ சொல்லியாச்சு, இங்கிலீஷ்காரன் வந்து சொல்ல வேண்டியதில்ல. "தான்" அழுத்தத்துக்கு வர்ற இடைச்சொல். ரவிதான் வந்தான்னு சொல்றோமே, அதுதான் இது.

வடமராட்சியான்
அது வேற "தான்" ஐயா. உங்கட தான் "ரவியைத்தான், ரவிக்குத்தான்" எண்டு வேற சொல்லுக்குப் பின்னால ஒட்டும், வேற்றுமை எடுக்காது. இது தன்னை, தனக்கு, தன்னால எண்டு உருபு எடுக்கும், பன்மையில தங்களை எண்டும் வரும். ரெண்டையும் ஒண்டாக்கினால் கேள்வியே குழம்பிப்போம்.

வேலுமணி
வேர் ஒண்ணா இல்லையான்னு நீங்க நிரூபிங்க பாப்போம்.

அனு_கரூர்
வேரைப் பத்தி தனி இழை போடுங்க சார், இவருக்கு வைவா இருக்கு. தேன்மொழி, எனக்கும் ஒரு சந்தேகம். ரவி புட் த பேக் நெக்ஸ்ட் டு ஹிம். இதுல ஹிம் ரவிதானே, அவன் பக்கத்துல பையை வெச்சான். ஒரே துண்டு, ரவி எந்தப் பொட்டலத்துலயும் இல்ல. பி விதிப்படி இது வரவே கூடாது, ஆனா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க, ஹிம்செல்ஃப் போட்டாலும் தப்பில்ல

தேன்மொழி
ஆமா, விதி அங்க இடறும். நெக்ஸ்ட் டு ஹிம்ங்கிற இடச்சொல் தொடரைத் தனித் துண்டா எண்ணணும்னு ஒரு கட்சி, ஹிம்செல்ஃப்ல ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு விதிப்படி நடக்கும், இன்னொண்ணு யாரோட பார்வையில சொல்றோமோ அவரைப் பிடிக்கும்னு இன்னொரு கட்சி. படம், போட்டோ வந்தாலும் இதே கதை: ரவி சா எ பிக்சர் ஆஃப் ஹிம்செல்ஃப்னும் சொல்றாங்க, ஆஃப் ஹிம்னும் சிலர் ஏத்துக்கறாங்க. எனக்கு ரெண்டாவது கட்சி பக்கம்தான் சாய்வு, ஏன்னா நம்ம "தான்" அப்படித்தான் நடந்துக்குது. ஆனா பையை வெச்ச வாக்கியத்துக்கு அது போதுமான்னு கேட்டா, போதாதுன்னுதான் சொல்வேன். மதன், வைவால இதை நீங்களா எடுக்காதீங்க, கேட்டா மட்டும் சொல்லுங்க.

ரயில்பயணி
ஐ சா மீ பத்தி ராத்திரி முழுக்க யோசிச்சேம்மா. கனவுல என்னையே வெளிய நின்னு பாத்தா? அப்ப ஐ சா மீன்னு சொல்லலாம்ல?

தேன்மொழி
சொல்லலாம், நல்ல கேள்வி. கனவுல நீங்க வேற ஒருத்தர் உடம்புல இருந்து உங்க உடம்பைப் பாக்கறப்போ இங்கிலீஷ்காரங்களே மீன்னு சொல்றது உண்டு. அங்க பாக்கறவரும் பாக்கப்படறவரும் ரெண்டு ஆளா ஆயிடறாங்க.

மதன்_பிஏ
வைவா முடிஞ்சுது. பொட்டலம் கேள்விதான் வந்துச்சு, ரவிஸ் மதர் லைக்ஸ் ஹர்செல்ஃப்னு குடுத்து ஏன் ஹிம்செல்ஃப் வராதுன்னு கேட்டாங்க, சொல்லிட்டேன். "குறை சொல்லிக்கிட்டதா" உதாரணத்தை மேடம் நோட்ல எழுதிக்கிட்டாங்க. அந்த 4 மார்க் திரும்ப வரல. தேங்க்ஸ் அக்கா

வடமராட்சியான்
தேன்மொழி, அம்மாட்டக் கேட்டுப் பாத்தன். "ரவி தன்னை அடிச்சான்" எண்டு சொல்லுவா, ஆனா கேட்ட உடன "ஆர் ஆரை?" எண்டு திருப்பிக் கேக்கிறா. "அடிச்சுக்கொண்டான்" எண்டா கேக்கேல்ல.