உதவி: நீளக் குச்சி விரலில் நிற்கிறது, குட்டைக் குச்சி விழுகிறது. கணக்கு தலைகீழாக வருதே?

மாரி_77
கொஞ்சம் அவசரம். வெள்ளிக்கிழமை மகள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. விரல் நுனியில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டப்போகிறாள். நீளமானது நிற்குது, சின்னது உடனே விழுது. நீளமானதுக்கு எடை கூட, ஈர்ப்பு மையமும் உயரத்தில். அப்போ திருப்பு விசையும் கூடத்தானே? அதுதானே முதலில் விழணும்? கேட்டால் என்ன பதில் சொல்வது?

கிட்டு_தச்சு
எத்தனை செ.மீ.? மரமா, பிளாஸ்டிக்கா? இரண்டும் ஒரே தடிமனா?

வளர்மதி_இயற்பியல்
விரலை அசைக்காமல் வைத்திருக்கிறாளா, குச்சி சாயும் பக்கம் நகர்த்துகிறாளா? இதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. அசைக்காவிட்டால் எந்த நீளமும் நிற்காது.

நெம்புகோல்
பதினொன்றாம் வகுப்புப் பாடம் இது. திருப்பு விசையை எழுதிவிட்டு நிலைமத் திருப்புத்திறனை விட்டுவிட்டால் பாதிக் கணக்குதான் வரும். கேட்பதற்கு முன் புத்தகத்தைத் திறந்திருக்கலாம்.

கம்பிக்கடை_ரவி
இதில் கணக்கே வேண்டாம் சார். எடைதான் காரணம். கனமான பொருள் மெதுவாகத்தான் சாயும். சின்னதுக்குப் பதிலாக அதே நீளத்தில் எட்டு எம்.எம். இரும்புக் கம்பி வைத்துப் பாருங்க, நிற்கும்.

மாரி_77
மூங்கில் குச்சி 1 மீட்டர். மர ஸ்கேல் 30 செ.மீ. இன்னொரு குச்சி 15 செ.மீ. விரலை நகர்த்துகிறாள்.

வளர்மதி_இயற்பியல்
நன்றி, இப்போது சொல்லலாம். உங்கள் திருப்பு விசைக் கணக்கில் தவறில்லை. ஒரே தடிமனுள்ள குச்சியை இரண்டு மடங்கு நீளமாக்கினால் எடை இரண்டு மடங்கு, ஈர்ப்பு மையத்தின் தூரம் இரண்டு மடங்கு, ஆக அதே சாய்வில் திருப்பு விசை நான்கு மடங்கு. ஆனால் அந்தக் குச்சியைச் சுழற்றுவதற்கு உள்ள தயக்கம், அதாவது நெம்புகோல் சொன்ன நிலைமத் திருப்புத்திறன், எட்டு மடங்காகிவிடுகிறது, ஏனென்றால் அதில் தூரம் இருமுறை பெருக்கப்படுகிறது. நான்கை எட்டால் வகுத்தால் பாதி. நீளமான குச்சி பாதி முடுக்கத்தில்தான் சாய ஆரம்பிக்கும். சாய்வு வளரும் கால அளவு இது:

```
T = sqrt(2L / 3g)
```

L குச்சியின் நீளம், g புவியீர்ப்பு முடுக்கம். 1 மீட்டருக்கு 0.26 வினாடி, 30 செ.மீ.க்கு 0.14, 15 செ.மீ.க்கு 0.10.

இதோடு கையைச் சேர்த்துப் பாருங்கள். கண் பார்த்து விரல் நகர ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிறது. அசையாமல் 1° சாய்ந்து நிற்கும் குச்சியை விட்டால், அந்த 0.2 வினாடிக்குள் 1 மீட்டர் குச்சி 1.3° ஆகும். 30 செ.மீ. ஸ்கேல் 2.2°க்குப் போயிருக்கும். 15 செ.மீ. குச்சி 3.7° சாய்ந்து, வினாடிக்கு 35° வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். அதாவது விரல் திருத்துவது பழைய சாய்வை. குச்சி அதைத் தாண்டிப் போய்விட்டது. சாய்வையும் அது மாறும் வேகத்தையும் மட்டும் பார்த்து, இதே தாமதத்தோடு திருத்தினால் எல்லை சுமார் 30 செ.மீ.யில் வருகிறது. உங்கள் ஸ்கேல் சரியாக அந்த எல்லையில் இருக்கிறது.

கம்பிக்கடை_ரவி
மேடம், அப்போ எடைக்கு வேலையே இல்லையா? துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தினால், கனமான பக்கம் மேலே இருக்கும்போது நல்லா நிற்குதே?

வளர்மதி_இயற்பியல்
ரவி, துடைப்பம் நீங்கள் சொன்னபடி நிற்கும், அது உண்மை. ஆனால் அங்கே வேலை செய்வது எடை இருக்கும் இடம். மொத்த எடை இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போகிறது. 15 செ.மீ. எட்டு எம்.எம். கம்பி 59 கிராம் இருக்கும். அதையும் 15 செ.மீ. மரக்குச்சியையும், அடி வழுக்காமல் உப்புத்தாள் மேல், ஒரே சாய்வில் பிடித்து ஒன்றாக விடுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

கண்காட்சிக்கு இதையே காட்டலாம். ஸ்கேல் 20 கிராம் என்றால் 40 கிராம் களிமண்ணை உருட்டி மேல் நுனியில் ஒட்டுங்கள். அது 42 செ.மீ. வெறும் குச்சி போல நடந்துகொள்ளும். அதே உருண்டையை அடியிலிருந்து 7.5 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் 21 செ.மீ. குச்சி போல ஆகிவிடும். 20 செ.மீ. உயரத்தில், அதாவது மூன்றில் இரண்டு பங்கில் ஒட்டினால் வித்தியாசமே தெரியாது. பலர் அங்கே ஒட்டிவிட்டுக் களிமண்ணால் பயனில்லை என்று முடிவுக்கு வருகிறார்கள்.

ஆட்டக்கலை_செல்வி
கழைக்கூத்தில் கயிற்றின் மேல் நடப்பவர் நீளமான கழி வைத்திருப்பதும் இதனால்தானே? கழி நீளமானால் அவர் நன்றாக நிற்கிறார்.

நெம்புகோல்
அதேதான். நிலைமத் திருப்புத்திறன். முடிந்தது.

கிட்டு_தச்சு
முடியவில்லை ஐயா. அங்கே கழி படுக்கை வாட்டத்தில் இருக்கிறது. இரண்டு முனையும் வளைந்து தொங்கினால் ஈர்ப்பு மையமும் கீழே இறங்கும். இங்கே உயரத்தில் எடை வைப்பதுதான் நல்லது என்கிறோம். இரண்டையும் எப்படி ஒன்றாக்குகிறீர்கள்?

நெம்புகோல்
மெதுவாகச் சாய வைப்பது இரண்டிலும் பொது. முனை தொங்குவது கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

ஆட்டக்கலை_செல்வி
அவர் கழியை ஒரு பக்கம் திருப்பி உடம்பை மறுபக்கம் கொண்டுவருகிறாரே, அது விரல் குச்சியில் எங்கே இருக்கிறது? கழி நீளமாவதால் மட்டும் எல்லாம் வந்துவிடாது.

ஒளியன்
மாரி சார் கேட்டதுக்கு வருவோம். எல்லோரும் கண்ணை மறந்துட்டீங்க. 1° சாய்ந்தால் 1 மீட்டர் குச்சியின் நுனி 1.7 செ.மீ. நகரும். 15 செ.மீ. குச்சியின் நுனி 2.6 மி.மீ.தான் நகரும். தெரிந்தால்தானே திருத்த முடியும்? நீளக் குச்சியிலேயே நுனியைப் பார்க்காமல் விரலைப் பார்க்கச் சொல்லுங்க, உடனே விழும். நான் சொல்வேன், இதுதான் முதல் காரணம். குட்டைக் குச்சி மேல் 20 செ.மீ. காகித ஸ்ட்ரா ஒட்டினால் நிற்கும்.

வளர்மதி_இயற்பியல்
நுனியைப் பார்க்கவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களிமண் சோதனையில் ஸ்கேலின் நீளம் மாறவில்லை, கண்ணுக்குத் தெரிவதும் மாறவில்லை, நிற்பது மட்டும் மாறுகிறது. ஸ்ட்ரா சோதனையிலும் ஒரு சிக்கல்: 10 கிராம் மரக்குச்சி மேல் 1 கிராம் ஸ்ட்ரா ஒட்டினாலே அது 21 செ.மீ. குச்சி போல மெதுவாகிவிடும். நின்றால் கண்ணால் நின்றதா, மெதுவானதால் நின்றதா என்று பிரிக்க முடியாது.

ஒளியன்
அப்போ ரவி சொன்ன இரும்புக் கம்பி மேல் ஒட்டலாம். 59 கிராமுக்கு முன் 1 கிராம் ஒன்றுமில்லையே.

வளர்மதி_இயற்பியல்
ஆம், அது நல்ல வழி. விழும் காலம் 4 சதவீதம்தான் கூடும். கம்பியில் ஸ்ட்ரா இருந்தும் இல்லாமலும் வித்தியாசம் தெரிந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். ஸ்ட்ரா தளராமல் இறுக ஒட்டவேண்டும்; ஆடினால் நுனி தவறான சாய்வைக் காட்டும்.

மாரி_77
களிமண் வேலை செய்யுது. மேலே வைத்தால் ஸ்கேல் நிற்குது, கீழே இறக்கினால் விழுது. அதையே காட்டப்போறோம். எல்லோருக்கும் நன்றி.

ஒளியன்
சார், கம்பி மேல் ஸ்ட்ரா ஒட்டிப் பார்த்தீங்களா?

கிட்டு_தச்சு
யார் செய்தாலும் கம்பியின் அடிமுனையை அரம் வைத்துத் தேய்த்துவிடுங்க. வெட்டின இடத்தில் பிசிறு இருந்தால் விரலைக் கிழிக்கும், குச்சியும் ஒரே பக்கமாகச் சாயும்.