உரிமைப் பங்கு: காசு கட்டுவதா, உரிமையை விற்பதா?

வணக்கம். இருப்பது யாழ்ப்பாணம், கோண்டாவில். அப்பா வாங்கிவைத்த 4000 பங்குகள் இப்போது என் சிடிஎஸ் கணக்கில் இருக்கின்றன. அந்த நிறுவனம், பங்கு வைத்திருப்பவர்களுக்கு 4 பங்குக்கு 1 புதிய பங்கு என்று 20 ரூபாவுக்கு உரிமைப் பங்கு தருகிறது. எனக்கு 1000 வரும், அதற்கு 20,000 ரூபா கட்டவேண்டும். இந்த மாதம் கையில் அவ்வளவு இல்லை.

தரகரிடம் கேட்டேன். "மலிவுதானே, எடுங்கோ" என்றார். அது சரியான கணக்காகத் தெரியவில்லை. அறிவிப்புக்கு முன் விலை 30. நாலு பழைய பங்கு 120, புதியது 20, ஆக 140. ஐந்தால் பிரித்தால் ஒரு பங்கு 28, முன்பைவிட 2 ரூபா குறைவு. அதாவது ஒன்றும் செய்யாமல் விட்டால் 4000 பங்கில் 8000 ரூபா போய்விடும், நான் எடுக்காததை மேலதிகமாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே காலாவதியாக விடப்போவதில்லை.

இன்று சந்தையில் பங்கு 26.50, புதிய பங்கை வாங்கும் உரிமை 5.80. 775 உரிமையை விற்றால், தரகுக்கூலி போக, மற்ற 225-ஐ ஏறக்குறைய கைக்காசு போடாமல் எடுக்கலாம். ஆனால் நிறுவனம் அனுப்பிய சுற்றறிக்கையை இரண்டுதரம் வாசித்தேன். திரட்டும் காசு முழுவதும் குறுங்கால வங்கிக் கடனை அடைக்கத்தான். புதிய இயந்திரமோ கிளையோ இல்லை. அதுதான் இடிக்கிறது.

உரிமை வர்த்தகம் வரும் புதனோடு முடிகிறது.

இப்படிக் கடனடைக்கக் காசு கேட்கும் நிறுவனத்தில் 225-ஐ எடுப்பீர்களா, 1000 உரிமையையும் விற்றுவிடுவீர்களா?